அந்த 4.9-இல் நானும் ஒருவன்

போன வருடம் ஆகஸ்ட் கடைசியில் அம்மா ஒரு வேலை கொடுத்தார். மிளகாய், மல்லி அரைக்க இனி மில்லுக்கு நடக்க முடியாது, முழங்கால் விடுவதில்லை, வீட்டிலேயே அரைக்கிற மாதிரி ஒரு மெஷின் பார் என்றார். அம்மா இருப்பது பட்டர்வொர்த்தில். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். அதாவது வருகிற சரக்கில் எது நல்லது, எது கெட்டது என்று பிரிப்பதுதான் எனக்குச் சம்பளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து நான் செய்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

காய்ந்த மசாலா அரைக்கிற எவர்சில்வர் மெஷின்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உருளை மாதிரி இருக்கும், மேலே கிளிப் போட்ட மூடி, முன்னால் ஒரு டைமர் குமிழ். அளவைக் கிராமில் சொல்வார்கள்: 300, 500, 800, 1000. இணையக் கடையில் தேடினால் ஒரே மாதிரி இருபது முப்பது வந்து விழும். நான் பார்த்ததில் ஒன்றுக்கு 4.9 ஸ்டார், 1,240 பேர் மதிப்பிட்டிருந்தார்கள், 9.9 தள்ளுபடியில் 1000 கிராம் மெஷின் 139 வெள்ளி. பக்கத்திலேயே இன்னொன்று 4.6, விலை 155. நான் என்ன செய்திருப்பேன் என்று சொல்லவும் வேண்டுமா? இரண்டு நிமிடத்தில் காசு கட்டிவிட்டேன்.

நான்கு நாளில் வந்தது. பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டை. ஐந்து ஸ்டார் போட்டு, படத்தோடு ஒரு ரிவியூ எழுதி, அதைத் திரைப்பிடிப்பு எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 10 வெள்ளி திருப்பித் தருவார்களாம். அன்றிரவு நான் நாலு ஸ்டார் போட்டேன், இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லையே என்ற நேர்மையில். அனுப்பியதும் பதில் வந்தது: “பாஸ், ஐந்து ஸ்டாருக்குத்தான் ரீபண்ட்.” உடனே திருத்தி ஐந்தாக்கினேன். நான் எழுதியது மலாயில் ஒரே வரி: பாராங் டா சம்பாய், பெலும் சூபா லாகி, ஹாராப் தாஹான் லாமா. பொருள் வந்துவிட்டது, இன்னும் போட்டுப் பார்க்கவில்லை, நீண்ட நாள் உழைக்கும் என்று நம்புகிறேன். அம்மாவின் சமையல் மேடையில் மெஷினை வைத்து ஒரு படம். பத்து வெள்ளி வந்துவிட்டது. அதில் நாசி கண்டார் சாப்பிட்டேன், பொய் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம், தீபாவளிக்கு மிளகாய்த்தூள் அரைக்கும்போது மெஷின் நின்றது. முதலில் ஒரு தீய்ந்த வாசனை, அப்புறம் சுவிட்சைத் தட்டினால் சத்தமே இல்லை. பொருளைத் திருப்பி அனுப்பக் கொடுத்திருந்த 15 நாள் தாண்டிவிட்டது. கடைக்கு எழுதினேன், நீலக் கோடு இரண்டு விழுந்தது, பதில் இல்லை. சரி, ரிவியூவையாவது மாற்றி எழுதுவோம் என்று போனால், அந்தத் தளத்தில் ஒரு ரிவியூவை ஒரே ஒரு தடவைதான் திருத்தலாம். அந்த ஒரு தடவையை நாலிலிருந்து ஐந்துக்குப் போவதற்கே செலவழித்துவிட்டேன். அந்த அட்டைக்காரர்கள் இதைத் தெரிந்தே செய்கிறார்களா, தற்செயலா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பத்து வெள்ளிக்கு அவர்கள் வாங்கியது ஐந்து ஸ்டாரை மட்டுமில்லை, என் வாயையும் சேர்த்துத்தான்.

அதற்குப் பிறகுதான், ஒரு ஞாயிறு இரவு, தொழிற்சாலையில் ஒரு லாட் சரக்கு திரும்பி வந்தால் என்ன செய்வேனோ அதையே வீட்டில் செய்தேன். ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு, அந்தப் பக்கத்தின் ரிவியூக்களைப் புதியதிலிருந்து பின்னோக்கி, எழுத்து உள்ளவை மட்டும் 200 எண்ணினேன். கண்ணும் கட்டைவிரலும் வலித்ததுதான் மிச்சம் என்று சொல்ல முடியாது, நிறையவே தெரிந்தது.

முதலில் கவனித்தது, ஒவ்வொரு ரிவியூவுக்கும் கீழே சின்னச் சாம்பல் எழுத்தில் அவர் வாங்கிய ரகம் எது என்று போட்டிருக்கும். அதை நான் அதுவரை படித்ததே இல்லை. அந்தப் பக்கத்தில் விற்றது மெஷின் மட்டும் இல்லை. அளவு தேர்ந்தெடுக்கிற பட்டியலில், 300 கிராம், 500 கிராம் என்று வரிசையாகப் போய், கடைசியில் “கார்பன் பிரஷ் ஒரு ஜோடி, 6.90” என்றும், “அளவுக் கரண்டி, 2.50” என்றும் இருந்தது. கார்பன் பிரஷ் என்பது மோட்டாருக்குள் உரசிக்கொண்டே இருக்கிற சின்னக் கரித்துண்டு, தேயும், மாற்ற வேண்டும். ஒரே பக்கம் என்பதால் இவை எல்லாவற்றின் மதிப்பீடும் ஒரே உண்டியலில் விழுகிறது. நான் எண்ணிய 200-இல் 131 ரிவியூ கார்பன் பிரஷ் வாங்கியவர்கள் எழுதியது. 22 கரண்டி வாங்கியவர்கள். மெஷின் வாங்கியவர்கள் 47 பேர்தான்.

பிரஷ்காரர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஏழு வெள்ளிப் பொருள், அளவு பொருந்தியது, இரண்டு நாளில் வந்தது, ஐந்து ஸ்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் போடுவேன். இதில்தான் சூட்சுமம். போலி ரிவியூ என்றால் யாரோ கூலிக்கு உட்கார்ந்து எழுதுவது என்றே நாம் நினைக்கிறோம். இங்கே எழுதியவர் உண்மையானவர், வாங்கியது உண்மை, மகிழ்ச்சியும் உண்மை, ஆனால் அது நீங்கள் வாங்கப்போகிற பொருளைப் பற்றியது இல்லை. போலி ரிவியூவைப் பிடிக்கிற சூத்திரங்களில் இது எளிதில் சிக்காது. 2023-இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வைட்டமின் மாத்திரை விற்கிற ஒரு நிறுவனத்தின் மீது எடுத்த நடவடிக்கை இந்த வகையைச் சேர்ந்ததுதான். புதிதாக வந்த மாத்திரைகளை ஏற்கெனவே நல்ல பெயர் எடுத்தவற்றோடு ஒரே பொருளின் வெவ்வேறு ரகம் என்று சேர்த்துக் காட்டி, பழையதன் ஸ்டாரைப் புதியதற்கு இரவல் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 6 லட்சம் டாலர் கட்டவேண்டி வந்தது. என் மசாலா மெஷின் கடைக்காரர் அந்தச் செய்தியைப் படித்திருக்க மாட்டார், இந்தப் புத்திக்குப் படிப்பு தேவையில்லை.

சரி, அந்த 47-க்கு வருவோம். அதில் 19 பேர் நான் எழுதியதையே எழுதியிருந்தார்கள். வந்துவிட்டது, இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. இது நம் நாட்டுக்கே உரிய வழக்கம் போல. ரிவியூ எழுதினால் தளம் காயின் கொடுக்கிறது, படம் போட்டால் இன்னும் கொஞ்சம், அதனால் பெட்டியைப் பிரிக்கும் முன்பே எழுதிவிடுகிறோம். அந்தப் பத்தொன்பதில் ஒன்று என்னுடையது. எண்ணிக்கொண்டே போகிற வழியில் அம்மாவின் சமையல் மேடை திடீரென்று திரையில் வந்து நின்றபோது கொஞ்சம் கூசியது. இன்னும் 11 பேரில் சிலர் பிரிக்காத பெட்டியின் படத்தோடு “குட்” என்று மட்டும் எழுதியிருந்தார்கள், சிலர் தலைப்பில் இருந்த விளம்பர வார்த்தைகளை அப்படியே திருப்பி ஒப்பித்திருந்தார்கள், ஒருவர் காயினுக்கு எழுத்து எண்ணிக்கை போதவில்லையோ என்னவோ, நாசி லெமாக் சமையல் குறிப்பை முழுதாக ஒட்டிவைத்திருந்தார். (குறிப்பு நன்றாகவே இருந்தது.)

இவர்களைத் தள்ளினால் மெஷினை உண்மையில் ஓட்டிப் பார்த்து எழுதியவர்கள் 17 பேர். அதில் ஐந்து ஸ்டார் 4 பேர், நாலு ஸ்டார் 4 பேர், ஒரு ஸ்டார் 9 பேர். பக்கத்தின் மேலே பெரிதாக 4.9. மெஷின் வாங்கிய 47 பேரை மட்டும் எடுத்தால் சராசரி 4.1. ஓட்டிப் பார்த்த 17 பேரை எடுத்தால் 2.6. ஒரே பக்கம்தான், மூன்று எண்.

இந்த 2.6-ஐயும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 17 பேர் என்பது சின்னக் கூட்டம், ஒருவர் மாறினாலும் எண் ஆடும். மெஷின் நன்றாக ஓடுகிறவர் இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்து எழுதுவதே இல்லை, கெட்டுப்போனவர்தான் வயிற்றெரிச்சலில் வருவார். அதனால் உண்மை 2.6-க்கும் 4.1-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கும். எனக்குச் சராசரியைவிட உபயோகப்பட்டது அந்த ஒன்பது பேர் என்ன எழுதினார்கள் என்பதுதான். ஒருவர் காப்பித்தூள் அரைத்தவர், ஒருவர் நாட்டு மருந்து, இருவர் மிளகாய். ஒருவரையொருவர் தெரியாதவர்கள். ஆனால் ஒன்பதில் ஏழு பேர் ஒரே கதையைச் சொன்னார்கள்: மூன்றாவது நாலாவது தடவை, தீய்ந்த வாசனை, அப்புறம் ஓடவில்லை. என் கதையும் அதேதான். போட்டிக் கடைக்காரன் ஆள் வைத்து ஒரு ஸ்டார் போடச் சொல்வதும் நடக்கிறது, ஆனால் அப்படி எழுதுகிறவன் “மோசம், ஏமாற்று, வாங்காதீர்கள்” என்பான். எத்தனையாவது தடவை, எதை அரைக்கும்போது, எந்த வாசனை என்று எழுத அவனுக்கு மெஷின் வேண்டும்.

செத்த மெஷினைப் பட்டர்வொர்த்தில் மிக்ஸி, ஃபேன் பழுது பார்க்கிற ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் அடித்தட்டைக் கழற்றி முகர்ந்து பார்த்தே சொல்லிவிட்டார், காயில் போச்சு தம்பி என்று. பிறகு பிளக்கைக் கையில் எடுத்து, “இதுல எத்தனை வாட்னு போட்டிருந்தான்?” என்றார்.

“3,500ண்ணே.”

“இந்தப் பிளக்குல பியூஸ் எத்தனை ஆம்பியர்?”

வீட்டு மூன்று முள் பிளக்கில் இருப்பது அதிகபட்சம் 13 ஆம்பியர் பியூஸ். 240 வோல்ட் என்றே வைத்துக்கொண்டாலும் 13 பெருக்கல் 240, அது 3,120 வாட். அதற்கு மேல் ஒரு மெஷின் தொடர்ந்து இழுத்தால் அது அந்தப் பிளக்குக்கும் பியூஸுக்கும் குறித்த அளவை மீறுவது. அதாவது 3,500 என்பது அந்தப் பிளக்கோடு வரக்கூடாத எண். அவரிடம் மின்சாரம் அளக்கிற சின்னக் கருவி ஒன்று இருந்தது, கடையில் பழுதுக்கு வந்திருந்த இதே உருவ மெஷின் ஒன்றை அதில் மாட்டி ஏலக்காய்த் தோலைப் போட்டு ஓட்டிக் காட்டினார், ஆயிரம் வாட்டைக்கூடத் தொடவில்லை. எனக்கு உறைத்தது என்னவென்றால், நான் எண்ணிய ரிவியூக்களில் ஐந்தாறு பேர் “3,500 வாட் பவர், சக்தி உண்மை” என்று எழுதியிருந்தார்கள். அளக்காமல் யாருக்கும் தெரிய வாய்ப்பில்லாத ஒன்றை, அதுவும் பிளக்கோடு பொருந்தவே பொருந்தாத ஒன்றை, ரிவியூ உறுதிசெய்கிறது என்றால் அந்த ரிவியூ பெட்டியைப் பார்த்து எழுதப்பட்டது. இதற்குப் பிறகு எதை வாங்கினாலும் தலைப்பில் உள்ள எண்ணை முதலில் எடுத்துக்கொண்டு, அதையே திருப்பிச் சொல்கிற ரிவியூக்களைக் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறேன்.

இன்னொன்றும் அந்த அண்ணன் சொன்னார். இந்த மெஷின் எல்லாமே மூன்று நிமிடம் ஓட்டி, பத்து நிமிடம் ஆறவிட வேண்டியவை. அம்மா மிளகாயை ஒரே மூச்சில் பத்து நிமிடம் ஓட்டியிருக்கிறார், பாவம் அவருக்கு யார் சொன்னார்கள், பக்கத்தில் அப்படி ஒரு வரி இல்லவே இல்லை. ஆகவே ஒரு ஸ்டார் போட்ட ஒன்பது பேரிலும் சிலர் இப்படித் தொடர்ந்து ஓட்டிக் கெடுத்திருக்கலாம். அதையும் நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும்.

அம்மாவுக்கு மெஷின் இன்னும் வேண்டும். இந்தத் தடவை மூன்று பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டேன். முதலாவது நான் ஏமாந்ததுதான். இரண்டாவது வேறு கடை, வேறு பெயர், 4.9, 380 பேர், 129 வெள்ளி. மூன்றாவது முன்பு நான் ஒதுக்கிய 4.6, 210 பேர், 800 கிராம், 155 வெள்ளி.

இரண்டாவதைப் பார்த்தவுடனே எனக்கு ஒரு சந்தேகம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிளிப்பின் வளைவு, குமிழின் செம்மஞ்சள் நிறம், அடியில் காற்றுப் போக இருக்கிற துளைகளின் வரிசை, எல்லாம் முதல் மெஷின்தான். ஒட்டியிருந்த பெயர்தான் வேறு. ஒரு தொழிற்சாலையில் செய்து பத்துக் கடைக்காரர்கள் பத்துப் பெயர் ஒட்டி விற்பது எங்கள் வேலையில் சாதாரணம். இதனால் ஒரு வசதியும் உண்டு: ஒரே மெஷின் என்று தெரிந்துவிட்டால், அதை விற்கிற எல்லாப் பக்கங்களின் ஒரு ஸ்டார், இரண்டு ஸ்டார் ரிவியூக்களையும் சேர்த்துப் படிக்கலாம். ஒரு கடைக்காரர் தன் பக்கத்தைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாலும் இன்னொருவர் சோம்பேறியாக விட்டிருப்பார். நான் அப்படித் தேடியதில் அதே மெஷின் ஐந்து பக்கங்களில் கிடைத்தது, ஒரு பக்கத்தில் 4.2, அங்கேயும் தீய்ந்த வாசனைக் கதை.

ஆனால் இரண்டாவது பக்கம் கார்பன் பிரஷ் எதுவும் சேர்க்காமல் 4.9 வைத்திருந்தது. அது எப்படி என்று தேதியைப் பார்த்தேன். ரிவியூக்களைப் புதியது முதல் வரிசைப்படுத்தி, வாரத்துக்கு எத்தனை என்று கோடு கிழித்தேன். சாதாரணமாக வாரம் மூன்று நாலு. ஜூலை 19 முதல் 22 வரை மட்டும் நான்கே நாளில் 64. எல்லாமே ஐந்து.

இங்கே அவசரப்படக் கூடாது. கூட்டமாக ரிவியூ வந்தாலே போலி என்று சொல்லிவிட முடியாது, நம் ஊரில் தள்ளுபடி நாள்கள் நிறைய. 9.9, 11.11, 12.12-க்கு வாங்கியவர்களுக்கு நாலைந்து நாளில் பொருள் வந்துசேரும், ஒரே நேரத்தில் எழுதுவார்கள். சம்பள நாள் தள்ளுபடி வேறு, மாதக் கடைசியில். ஆகவே கூட்டத்தைக் கண்டால் நாள்காட்டியோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். தள்ளுபடிக் கூட்டம் என்றால் ஒரு வாரம் பத்து நாளுக்கு ஏறி இறங்கும், நடுவில் நாலு ஸ்டாரும் மூன்று ஸ்டாரும் கலந்திருக்கும், மூடி நசுங்கி வந்தது, கூரியர்காரர் வாசலில் வீசிவிட்டுப் போனார் என்று புலம்பலும் இருக்கும். ஜூலை 19 எந்தத் தள்ளுபடிக்கும் பொருந்தவில்லை. 7.7 சரக்கு அதற்கு முன்பே வந்து முடிந்திருக்கும், மாதக் கடைசி இன்னும் வரவில்லை. நான்கு நாள் கொட்டிவிட்டு ஐந்தாவது நாள் குழாயை மூடியதுபோல் நின்றது. ஆகஸ்ட் நடுவிலிருந்து ஒரு ஸ்டார்கள் மெதுவாக எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தன. அமெரிக்காவில் மூன்று ஆய்வாளர்கள், முகநூல் குழுக்களில் காசு கொடுத்து ரிவியூ வாங்கிய அமேசான் பொருள்களைப் பின்தொடர்ந்து 2022-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் கண்டதும் இந்த வடிவம்தான்: வாங்குகிற வரை ஸ்டார் ஏறும், நிறுத்தியதும் இறங்கும், ஒரு ஸ்டார்களின் பங்கு கூடும். நம்பி வாங்கியவர்கள் கோபமாகத் திரும்புகிறார்கள், அவ்வளவுதான்.

அந்த 64-இல் மொழியும் கொஞ்சம் நெருடியது. இங்கே மலாய் ரிவியூ என்றால் பாதி எழுத்தை விழுங்கி, நடுவில் ஆங்கிலம் கலந்து, “ஓகே லா, டேங்க்யூ செல்லர்” என்று முடிப்பார்கள். இவை முழு வாக்கியங்கள். அதிலும் “முடியும்” என்பதற்கு “போலே” என்று எழுதாமல் “பீசா” என்றும், “இலவசம்” என்பதற்கு “பெர்ச்சுமா” என்று எழுதாமல் “கிராத்தீஸ்” என்றும் இருந்தது. அது இந்தோனேசிய வழக்கு. நம் மலாயில் பீசா என்றால் பாம்பு விஷம். மசாலா மெஷின் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் விஷம் வந்தால் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஒன்றிரண்டு இருந்தால் நான் பொருட்படுத்த மாட்டேன், இங்கே வேலை செய்கிற இந்தோனேசியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களும் மசாலா அரைப்பவர்கள்தானே.

மூன்றாவது பக்கத்துக்கு வரும்போது இரவு ஒரு மணி. மனைவி வந்து எட்டிப் பார்த்து, “மெஷினா வாங்குறீங்க, வீடா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

இந்த 4.6 எப்படி 4.6 ஆனது என்று குறைந்த ஸ்டார்களை மட்டும் வடிகட்டினேன். மொத்தம் 14. அதில் எட்டு கூரியர் சம்பந்தப்பட்டவை, மூடி நசுங்கியது, தாமதம். மூன்று பேர் சத்தம் அதிகம் என்றார்கள், இந்த வகை மெஷின் எல்லாமே விமானம் ஏறுவதுபோல் கத்தும், அது குறையில்லை, பிறவிக்குணம். ஒருவர் டைமர் குமிழ் கழன்றது என்றார். இரண்டு பேர் மோட்டார் நின்றது என்றார்கள், அதில் ஒருவருக்குக் கடை பதில் எழுதியிருந்தது: சூடானால் தானாக நிற்கும், அடியில் சிவப்புப் பொத்தான் இருக்கிறது, ஆறிய பிறகு அழுத்துங்கள், ஓடவில்லை என்றால் வீடியோ அனுப்புங்கள் என்று. மற்றவருக்கும் பதில் இருந்தது. முதல் பக்கத்தில் எல்லாப் புகாருக்கும் கீழே ஒரே பதிலை ஒட்டியிருந்தார்கள், அன்பான வாடிக்கையாளரே என்று தொடங்குவது, அதில் மெஷின் என்ற சொல்லே கிடையாது.

நல்ல ரிவியூக்களில் நான் தேடியது ஒன்றுதான்: நாள் கழித்து எழுதியவை. வாங்கியவர் தன் ஒரே திருத்தத்தை வீணாக்காமல் வைத்திருந்து, பிறகு திரும்ப வந்து சேர்த்து எழுதினால் அது முதல் ரிவியூவின் கீழே தனியாகத் தெரியும். எட்டு மாதம் ஆகிறது, வாரம் ஒரு முறை அரைக்கிறேன், பிரஷ் ஒரு முறை மாற்றினேன் என்று ஒருவர். இன்னொருவர் போட்ட படத்தில் மெஷின் முழுக்க மஞ்சள் கறை, கிளிப்பில் ரப்பர் பேண்ட். பளபளவென்று இருக்கிற படத்தைவிட அந்த ரப்பர் பேண்ட் படத்தை நான் நம்பினேன். விவரத்தில் 1,200 வாட் என்று அடக்கமாகப் போட்டிருந்தது, மூன்று நிமிடம் ஓட்டிப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள் என்ற வரியும் இருந்தது. கடையின் பதிவு எண்ணும் தொலைபேசியும் பக்கத்தின் கீழே. மலேசியாவில் மின் வணிக விதிமுறைப்படி இணையத்தில் விற்கிறவர் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம் எல்லாம் காட்டியாக வேண்டும். முதல் கடையில் நான் அப்போது தேடியிருந்தால் அங்கே ஒன்றுமே இல்லை என்பது தெரிந்திருக்கும். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம் என்று வேலையிடத்தில் ஒரு அண்ணன் சொன்னார், உண்மைதான், ஆனால் யார் மேல் பதிவது? பெயரும் முகவரியும் வேண்டுமே.

வாங்கும் முன் இரண்டு கடைக்கும் ஒரே கேள்வியை அரட்டையில் அனுப்பினேன்: கார்பன் பிரஷ் என்ன அளவு, டைமர் சுவிட்ச் தனியாகக் கிடைக்குமா? 129 வெள்ளிக் கடை “ஸ்டாக் குறைவு பாஸ், இப்பவே ஆர்டர் பண்ணுங்க” என்றது. 155 கடை மறுநாள் காலை, ஒரு பழைய பிரஷ்ஷை அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தை அனுப்பியது. வாங்கிவிட்டேன்.

ஏழு மாதம் ஆகிறது. அம்மா மூன்று நிமிடத்துக்குச் சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், பத்து நிமிடத்துக்குத் தொலைக்காட்சி பார்க்கப் போய்விடுகிறார், நன்றாகவே ஓடுகிறது. போன மாதம் பிரஷ் தேய்ந்துவிட்டது. அந்த 155 கடையில் பிரஷ் தீர்ந்து போயிருந்தது. பழுது பார்க்கிற அண்ணன் அளவு எடுத்துப் பார்த்துவிட்டு, இது பொது அளவுதான் தம்பி, எங்கேயும் கிடைக்கும் என்றார். தேடினால் முதலில் வந்து நின்றது என்ன தெரியுமா? என்னை ஏமாற்றிய அதே பக்கம், ஒரு ஜோடி 6.90, இருப்பதிலேயே மலிவு, 4.9 ஸ்டார்.

வாங்கினேன். இரண்டு நாளில் வந்தது, சரியாகப் பொருந்தியது, தீப்பொறி இல்லாமல் ஓடுகிறது. குறை சொல்ல ஒன்றும் இல்லாத பிரஷ். அன்றிலிருந்து செயலியைத் திறக்கும்போதெல்லாம் ஐந்து வெற்று நட்சத்திரங்களைக் காட்டி, இந்தப் பொருளை மதிப்பிடுங்கள் என்று கேட்கிறது. அம்மா பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, “நல்லாத்தானே இருக்கு, போட்டு விடேன்டா” என்கிறார். இன்னும் போடவில்லை.